எந்தப் பதிப்பு, என்ன நிலை, கூரியரோடு எவ்வளவு?

வாட்ஸ்அப் குழுவிலோ முகநூல் குழுவிலோ யாராவது, “பொன்னியின் செல்வன் 5 பாகம், நல்ல கண்டிஷன், 700 ரூபாய்” என்று ஒரு படத்தோடு போடுகிறார். அடுத்த பத்து நிமிடத்தில் கீழே வந்து விழும் கேள்விகளைப் பாருங்கள். “எந்தப் பதிப்பகம் அண்ணா?” “உள்ளே பக்கமெல்லாம் சரியா இருக்கா?” “கூரியரோட எவ்வளவு சார்?” பழைய புத்தகத்தை இணையத்தில் விற்பது என்பது இந்த மூன்று கேள்விகளுக்கும் வாங்குபவர் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லி வைப்பதுதான். பதில் இல்லாத விளம்பரத்தைக் கடந்துபோய்விடுவார்கள். பதில் தவறாக இருந்தாலோ, விற்ற புத்தகம் திரும்பி வரும், காசும் போகும்.

நடைபாதைக் கடையில் இந்தச் சிக்கல் கிடையாது. திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து, எடுத்து, புரட்டி, முகர்ந்துகூடப் பார்த்துவிட்டு விலை பேசலாம். வீட்டிலிருந்து விற்கும்போது அந்தப் புரட்டலை விற்பவரே வாங்குபவருக்காகச் செய்து, பார்த்ததை எழுத வேண்டியிருக்கிறது. எழுதும் முறை ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், ஓர் அலமாரிப் புத்தகத்தை வீட்டு மேசையிலிருந்தே விற்றுவிடலாம்.

எண் சொல்வதும் சொல்லாததும்

முதல் கேள்வி, எந்தப் பதிப்பு என்பது. பின்னட்டையில் கோடு கோடாக இருக்கும் பார்கோடுக்கு மேலே 13 இலக்க எண் ஒன்று இருக்கும். அதுதான் ஐ.எஸ்.பி.என். பார்கோடு இல்லாவிட்டால் தலைப்புப் பக்கத்தின் பின்புறம், பதிப்பு விவரங்கள் உள்ள பக்கத்தில் தேட வேண்டும். 978-81, 978-93 என்று தொடங்கினால் இந்தியாவில் வெளியான புத்தகம். 978-955, 978-624 என்றால் இலங்கை. இந்த எண்ணைக் கோடுகள் இல்லாமல் தேடுபொறியிலோ புத்தகத் தளங்களிலோ தட்டினால், அட்டைப் படம், பதிப்பகம், பக்க எண்ணிக்கை எல்லாம் ஒருசேர வரும். வந்த அட்டையும் கையில் உள்ள அட்டையும் ஒன்றா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

2007ஆம் ஆண்டுக்கு முன் வெளியான புத்தகங்களில் இந்த எண் 10 இலக்கமாக இருக்கும். சிலவற்றில் கடைசி இடத்தில் எக்ஸ் என்ற எழுத்து இருக்கும். அது அச்சுப்பிழை இல்லை, 10 என்பதற்கான குறி. பழைய எண்ணுக்கு முன்னால் 978 சேர்த்தால் புதிய எண் வந்துவிடும் என்று நினைத்துத் தேடுபவர்கள் உண்டு. ஒன்றும் வராது. கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களைச் சரிபார்ப்பதற்காகக் கணக்கிட்டுச் சேர்க்கப்படுவது. 978 முன்னால் வந்ததும் கணக்கு மாறிவிடும், கடைசி இலக்கமும் மாறும். பழைய 10 இலக்க எண்ணை அப்படியே தேடுவதுதான் சுலபம். பெரும்பாலான தளங்கள் அதையும் ஏற்கின்றன.

எண் சொல்லாத விஷயங்களும் உண்டு. ஒரே பதிப்பை எத்தனை முறை மறு அச்சு செய்தாலும் எண் மாறாது. அதனால் முதல் அச்சுக்கும் பன்னிரண்டாம் அச்சுக்கும் ஒரே எண்தான். ஆண்டு, அச்சிட்ட விலை, இது எத்தனையாவது அச்சு என்பதையெல்லாம் பதிப்பு விவரப் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். பல பாகங்கள் உள்ள நூலில் முழுத் தொகுதிக்கு ஓர் எண்ணும், ஒவ்வொரு பாகத்துக்கும் தனி எண்ணும் இருக்கலாம். கையில் இருப்பது இரண்டாம் பாகம் மட்டும், போட்டதோ தொகுதியின் எண் என்றால், வாங்குபவர் முழுத் தொகுதியும் வரும் என்று காத்திருப்பார்.

இன்னொரு பொறி, திருட்டுப் பதிப்பு. நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் ஆங்கில பெஸ்ட்செல்லர்கள் பலவற்றில் அசல் புத்தகத்தின் எண்ணே அப்படியே அச்சாகியிருக்கும். எண்ணைத் தட்டினால் அசல் புத்தகம்தான் வரும். கையால் பார்த்தால் தெரிந்துவிடும். தாள் மெலிந்து சாம்பல் நிறத்தில் இருக்கும், பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியும், அட்டைப் படம் மங்கலாக இருக்கும், அசலில் புடைத்திருக்கும் எழுத்து இதில் தட்டையாக இருக்கும், வரிகள் சாய்ந்து ஓடும். அப்படிப்பட்டதை விற்பனைக்கு வைக்கவே கூடாது.

தமிழ்ப் புத்தகத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். எண் இல்லாத புத்தகங்களே அதிகம். பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்கியின் எழுத்துகள் 1990களின் இறுதியில் நாட்டுடைமை ஆன பிறகு எத்தனையோ பதிப்பகங்கள் அதை வெளியிட்டுவிட்டன. ஐந்து தனிப் பாகம், ஒரே கெட்டி அட்டைத் தொகுதி, மலிவுப் பதிப்பு, படங்களோடு வந்த பதிப்பு என்று பல வடிவம். “பொன்னியின் செல்வன்” என்று மட்டும் எழுதினால் எதை விற்கிறீர்கள் என்றே யாருக்கும் தெரியாது. எண் இல்லாத இடத்தில் ஆறு விவரங்கள் எண்ணின் வேலையைச் செய்யும்: தலைப்பு, ஆசிரியர் (மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளரும்), பதிப்பகம், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு என்று அச்சிட்டிருக்கிறது என்பது, மொத்தப் பக்கம். பதிப்பு விவரப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டுவிட்டால் பாதிக் கேள்வி குறைந்துவிடும்.

விலை தேடும்போதும் ஓர் எச்சரிக்கை. தளத்தில் ஒருவர் கேட்கும் விலை, அந்தப் புத்தகம் விற்கும் விலை ஆகாது. 2011இல் அமேசானில் ‘தி மேக்கிங் ஆஃப் எ ஃப்ளை’ என்ற ஈ பற்றிய உயிரியல் புத்தகத்தின் விலை 2 கோடியே 36 லட்சம் டாலரைத் தாண்டிப் போனது. இரண்டு விற்பனையாளர்களின் மென்பொருள்கள் ஒன்றின் விலையைப் பார்த்து மற்றொன்று தானாகக் கூட்டிக்கொண்டே போனதுதான் காரணம். இந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றுக்கு 2,000 ரூபாய் என்று யாரோ போட்டு, இரண்டு வருடமாக விற்காமல் கிடப்பது உண்டு. குழுக்களில் ‘விற்றது’ என்று குறித்த பதிவுகளைத் தேடிப் பார்ப்பதுதான் உண்மை விலைக்கு அருகில் கொண்டுபோகும்.

அதே புத்தகத்தின் புதிய அச்சு கடையில் கிடைக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியது. கிடைக்கிறது என்றால் அந்த விலையின் பாதிக்கு மேல் பழைய பிரதிக்குக் கேட்பது கஷ்டம். கிடைக்கவில்லை என்றால் கணக்கே வேறு. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்புகள், சோவியத் யூனியன் 1991இல் கலைந்த பிறகு அங்கிருந்து வருவது நின்றுபோனது. பழைய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்களைச் சேகரிக்கவென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து வீட்டில் பைண்டு செய்த தொகுப்புகளை, கதையைவிட அதில் வந்த ஓவியங்களுக்காக வாங்குகிறார்கள். இவற்றில் எதற்கும் எண்ணைத் தட்டி விலை பார்க்க முடியாது. மறுபக்கம், பழைய நூல் ஒன்றின் மின்படி தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலோ, ஈழத்து நூல் என்றால் நூலகம் தளத்திலோ இலவசமாகக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். கிடைத்தால் படிப்பதற்காக வாங்குபவர் குறைவார், பிரதியாக வைத்துக்கொள்ள விரும்புபவர் மட்டும் மிஞ்சுவார்.

“நன்று” என்றால் சுமார்

இரண்டாவது கேள்வி, நிலை. “நல்ல கண்டிஷன்” என்பதற்கு ஆளாளுக்கு ஓர் அர்த்தம். அமெரிக்கப் பழைய புத்தக வியாபாரிகள் இந்தக் குழப்பத்தால் சலித்துப்போய், 1949இல் தங்கள் தொழில் பத்திரிகையான ஏ.பி. புக்மேன்ஸ் வீக்லி மூலம் ஒரு தர வரிசையை முன்வைத்தார்கள். இன்று இணையத் தளங்களில் பார்க்கும் லைக் நியூ, வெரி குட், குட், அக்செப்டபிள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது ‘குட்’டில். பழைய புத்தக உலகில் குட் என்பது, நன்றாக உழைத்த, அட்டை நைந்த, ஆனால் பக்கம் எதுவும் குறையாத சராசரிப் பிரதி. சாதாரணமாக நாம் “நல்லா இருக்கு” என்று சொல்லும் புத்தகம் அங்கே வெரி குட்.

வீட்டிலிருந்து விற்பவருக்கு நான்கு படிகள் போதும். ‘புதிது போல்’ என்றால், கடையிலிருந்து இன்று வாங்கியது என்று சொன்னால் நம்பும்படி இருக்க வேண்டும். பெயர்கூட எழுதியிருக்கக் கூடாது. ‘மிக நன்று’ என்றால் ஒரு முறை கவனமாகப் படித்த புத்தகம். முதுகில் மடிப்புக் கோடு ஒன்றிரண்டு இருக்கலாம், முதல் பக்கத்தில் பெயர் இருக்கலாம், உள்ளே கோடு போட்டிருக்கக் கூடாது. ‘நன்று’ என்றால் பலர் கை மாறியது. தாள் பழுத்திருக்கும், அட்டை முனை மடிந்திருக்கும், சில வரிகளுக்குக் கோடு இருக்கும், ஆனால் பைண்டிங் உறுதியாக இருக்கும். ‘படிக்கலாம்’ என்றால் அட்டை கிழிந்து ஒட்டியிருக்கலாம், ஈரக்கறை இருக்கலாம், ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க முடிய வேண்டும். ஒரு பக்கம் இல்லை என்றாலும் இந்த நான்கிலும் அது சேராது. “இத்தனாம் பக்கம் இல்லை” என்று சொல்லித்தான் விற்க வேண்டும்.

தரத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முதுகு. சாய்ந்திருக்கிறதா, வெயில்பட்டு வெளிறியிருக்கிறதா? பிறகு புத்தகத்தை நடுவில் லேசாகத் திறந்து பைண்டிங்கைப் பாருங்கள். கம் பைண்டிங் என்றால் பசை காய்ந்து, நடுவில் திறந்த உடனே ‘டக்’ என்று சத்தம் கேட்கும். அது இரண்டாகப் பிளக்கத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். தையல் பைண்டிங் என்றால் நூல் தளர்ந்து தாள் கட்டுகள் முன்னே பின்னே நகரும். அடுத்து தாளின் ஓரத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். நியூஸ்பிரிண்ட் தாளில் அச்சிட்ட பழைய நாவல்கள் பழுத்து, அப்பளம்போல் முறியும். அப்படிப்பட்டதற்கு மேலட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ‘படிக்கலாம்’தான்.

பக்க எண்ணைச் சரிபார்ப்பதுதான் பலரும் விட்டுவிடும் வேலை. தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்கம் கொண்ட பாரம் பாரமாக அச்சாகி, மடித்து, அடுக்கிப் பைண்டு ஆகின்றன. பைண்டிங்கில் ஒரு பாரம் விட்டுப்போனால் 160ஆம் பக்கத்துக்கு அடுத்து 177 வரும். சில நேரம் ஒரே பாரம் இரண்டு முறை வரும், அல்லது தலைகீழாகச் சேர்ந்திருக்கும். புதிதாகக் கடையில் வாங்கிய நாளிலிருந்தே குறை இருந்திருக்கும். வாங்கியவர் படிக்காமல் அடுக்கிவைத்ததால் தெரிந்திருக்காது. 16, 32, 48 என்று பாரம் முடியும் இடங்களை மட்டும் புரட்டிப் பார்த்தால் ஒரு புத்தகத்துக்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

நம் ஊர் வெக்கையும் ஈரமும் தரும் குறைகள் தனி ரகம். தாளில் துருப்போலப் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் குறிப்பிட்டால் போதும், விற்கும். சாம்பலோ கறுப்போ படர்ந்து, முகர்ந்தால் ஈர வாடை வந்தால் அது பூஞ்சை. அடுத்தவர் அலமாரிக்கும் பரவும் என்பதால் அதை விற்காதீர்கள். வெள்ளிமீன் பூச்சி அட்டையின் மேல்தோலைச் சுரண்டித் தின்னும், செல்லரித்தால் தாள் முழுக்கத் துளையிடும். துளைக்குள்ளிருந்து பொடி உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கக்கூடும். நூலக முத்திரை உள்ள புத்தகம் என்றால், நீக்கப்பட்டதற்கான முத்திரையும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது யாரோ திருப்பித் தராமல் விட்ட நூலகச் சொத்து.

பார்த்ததை எழுதும்போது தரத்தின் பெயரோடு நிறுத்தாமல், குறையைத் தனியே சொல்ல வேண்டும். சாண்டில்யனின் கடல் புறா மூன்று பாகங்களை விற்பதாக வைத்துக்கொள்வோம். விளம்பரம் இப்படி இருக்கலாம்:

“கடல் புறா, சாண்டில்யன், 3 பாகம் முழுமையாக, வானதி பதிப்பகம். மூன்றும் ஒரே அச்சு, ஆண்டு விவரம் படத்தில். தரம்: நன்று. தாள் பழுத்திருக்கிறது, உடையவில்லை. முதல் பாகத்தில் முன்னட்டையின் கீழ் முனை கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறது. மூன்றிலும் முதல் பக்கத்தில் நீல மையில் பெயர். எல்லாப் பக்கமும் சரிபார்த்தது. பூச்சி, பூஞ்சை இல்லை.”

இதோடு முன்னட்டை, பின்னட்டை, முதுகு, பதிப்பு விவரப் பக்கம், பிறகு இருப்பதிலேயே மோசமான குறை என்று ஐந்து படம். கடைசிப் படத்தை விட்டுவிடத்தான் கை துறுதுறுக்கும். ஆனால் பணம் திரும்பக் கேட்டு வரும் சண்டையில் பெரும்பகுதியைத் தடுப்பது அந்தப் படம்தான். இரண்டு தரத்துக்கு நடுவில் தயங்கினால் கீழே உள்ளதைப் போடுங்கள். எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது என்று யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

தபால் செலவும் கட்டு விலையும்

மூன்றாவது கேள்விதான் லாபத்தைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் அமேசான் தளத்தில் ஒரு காலத்தில் ஒரு சென்ட் விலைக்குப் பழைய புத்தகங்கள் விற்றன. அனுப்பும் கட்டணம் 3 டாலர் 99 சென்ட். அந்தக் கட்டணத்தில் உண்மையான தபால் செலவு போக மிஞ்சியதுதான் விற்றவருக்கு வருமானம். புத்தகத்தின் விலை என்று எதைப் போட்டாலும், வாங்குபவர் மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது வீட்டு வாசலுக்கு வந்து சேரும் மொத்தத்தைத்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இந்தியாவில் புத்தகத்துக்கென்று இருந்த பதிவு புத்தகத் தபால் சேவையை அஞ்சல்துறை 2024 டிசம்பரில் நிறுத்தியது. பதிப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பிறகு 2025 மே 1 முதல் கியான் போஸ்ட் என்ற புதிய சேவை வந்தது. அறிமுகமானபோது அறிவித்த கட்டணம் 300 கிராம் வரை 20 ரூபாய், எடை கூடக் கூடப் படிப்படியாக ஏறி 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. அனுப்பிய கட்டு எங்கே போகிறது என்று எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். தரைவழியாக மட்டும் போவதால் நாள் பிடிக்கும், அதை முன்கூட்டியே வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கட்டணத்தின் இரு முனைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 300 கிராமுக்கு 20 ரூபாய் என்றால் கிலோவுக்கு ஏறக்குறைய 67 ரூபாய். 5 கிலோவுக்கு 100 ரூபாய் என்றால் கிலோவுக்கு 20 ரூபாய். அதாவது தனியாகப் போகும் புத்தகம் மூன்று மடங்குக்கு மேல் செலவு வைக்கிறது. புத்தகங்களைக் கட்டாகச் சேர்த்து விற்பதன் காரணம் முழுக்க இந்த ஒரு கணக்குக்குள் இருக்கிறது.

ஓர் உதாரணம். 16 குடும்ப நாவல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 250 கிராம், எல்லாமே ‘நன்று’ தரம். தனித்தனியாக 60 ரூபாய்க்கு விற்றால் தபாலோடு 80 ரூபாய். புத்தக விலையில் மூன்றில் ஒரு பங்கு தபாலுக்கே போகிறது என்பதை வாங்குபவர் பார்க்கிறார். புதிய பிரதி 150 ரூபாய் என்றால், 70 ரூபாய் மிச்சத்துக்காகப் பழையதை வாங்க வேண்டுமா என்று யோசிப்பார். பதினாறும் தனியே போனால் தபாலுக்கு மட்டும் 320 ரூபாய்.

இதையே ஒரே கட்டாக்குங்கள். 16 புத்தகம் 4 கிலோ, பேக்கிங் 300 கிராம், மொத்தம் 4.3 கிலோ. 5 கிலோவுக்குள் நிற்கிறது, 100 ரூபாய்க்கு மேல் தபால் செலவு போகாது. “16 நாவல், தபாலோடு சேர்த்து 800 ரூபாய்” என்று போடலாம். வாங்குபவருக்கு ஒரு புத்தகம் வாசலுக்கு வந்து சேர 50 ரூபாய்தான். உங்களுக்குத் தபால் 100, அட்டையும் டேப்பும் 40 போக 660 ரூபாய் கையில் நிற்கும், வரியைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் குறையும். தனியாக விற்றால், ஒரு கட்டுக்கு 8 ரூபாய் பேக்கிங் என்று கழித்து, 16க்கும் சேர்த்து 832 ரூபாய் வந்திருக்குமே என்று தோன்றும். அது பதினாறும் விற்றால்தான். நடப்பில் அதில் நான்கைந்துக்கு ஆள் வரும், மிச்சம் மாதக்கணக்கில் கிடக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிப் படம், தனிப் பதில், தனியாகத் தபால் அலுவலக நடை. இடைவெளியான 172 ரூபாயை அந்த உழைப்புக்கு ஈடாக வைத்துப் பார்த்தால் கட்டு எவ்வளவோ மேல்.

எல்லாவற்றையும் கட்டில் போட்டுவிடவும் கூடாது. தனியாக 300 ரூபாய்க்குப் போகும் புத்தகத்தை 50 ரூபாய்க் கட்டுக்குள் புதைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். அதனால் எண்ணும் விலையும் பார்த்த பிறகே கட்டுப் போட வேண்டும். தனியே மதிப்புள்ளதை முதலில் பிரித்துவிடுங்கள். மிஞ்சியதை ஓர் ஆசிரியர், ஒரு வகை, ஒரு வயதுக் குழந்தைகளுக்கானது என்று பிரிக்கலாம். “16 நாவல்” என்பதைவிட “ரமணிசந்திரன் 16 நாவல்” வேகமாகப் போகும். கட்டின் தரம் என்பது அதில் இருப்பதிலேயே கீழான புத்தகத்தின் தரம். ‘புதிது போல்’ மூன்றும் ‘படிக்கலாம்’ பத்தும் கலந்தால், மூன்றை வாங்க நினைத்தவருக்கும் வேண்டாம், மலிவாகப் படிக்க நினைத்தவருக்கும் விலை கூடுதல்.

தொகுதிகளை உடைக்காதீர்கள். ஐந்து பாகத்தில் நான்காம் பாகம் மட்டும் காணோம் என்றால் வேறு பதிப்பகத்தின் நான்காம் பாகத்தைச் சேர்த்து முழுமையாக்கலாம் என்று தோன்றும். அளவும் அட்டையும் பொருந்தாது. அதைவிடப் பெரிய ஆபத்து, பதிப்பகத்துக்குப் பதிப்பகம் பாகம் பிரிக்கும் இடம் மாறலாம் என்பது. “நான்காம் பாகம் இல்லை” என்று பெரிதாக எழுதி விலையைக் குறைத்துப் போட்டால், அந்த நான்கில் ஏதோ ஒன்றைத் தொலைத்தவர் எங்கோ இருப்பார்.

கட்டை விற்பவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்றில்லை. குழுக்களில் நடைமுறையில் இருக்கும் இன்னொரு வழி, சேர்த்து வைப்பது. வாங்குபவர் ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு புத்தகம் எடுத்து, பணம் கட்டி, “வைத்திருங்கள், சேர்த்து அனுப்பலாம்” என்பார். எடை நிறைந்ததும் ஒரே கட்டாகப் போகும். அவருக்குத் தபால் மிச்சம், உங்களுக்கு நிலையான வாடிக்கையாளர். இரண்டு விதி மட்டும் தளரக் கூடாது. பணம் வராத புத்தகத்தை எடுத்து வைக்காதீர்கள், வைத்திருக்கும் காலத்துக்கு ஒரு வரம்பு சொல்லிவிடுங்கள்.

கட்டும் கவுண்டரும்

எடை என்றால் பேக்கிங்கோடு சேர்த்த எடை. 285 கிராம் புத்தகத்துக்கு 40 கிராம் அட்டை சுற்றினால் 300ஐத் தாண்டிக் கட்டணம் அடுத்த படிக்கு ஏறிவிடும். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் வீட்டிலேயே பார்த்து, விளம்பரத்தில் சரியான தொகையைப் போட்டுவிடலாம்.

பேக்கிங்கில் முதல் எதிரி மழை, அடுத்தது முனை மடிவது. புத்தகத்தை முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடுங்கள். செய்தித்தாளை நேரடியாகச் சுற்றினால் அதன் மை வெளிர் அட்டையில் ஒட்டும். பிறகு புத்தகத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக இரண்டு அட்டைத் துண்டு வெட்டி மேலும் கீழும் வையுங்கள். கட்டு கீழே விழுந்தால் நசுங்குவது அட்டையின் முனையாக இருக்கும், புத்தகத்தின் முனை தப்பிக்கும். பல புத்தகம் என்றால் ஒன்றின் முதுகு இடப்பக்கம், அடுத்ததன் முதுகு வலப்பக்கம் என்று மாற்றி அடுக்கினால் அடுக்கு சாயாது. கட்டி முடித்ததும் குலுக்கிப் பாருங்கள். உள்ளே அசைந்தால் மூன்று ஊர் தாண்டுவதற்குள் அட்டை தேய்ந்துவிடும்.

கட்டின்மேல் கியான் போஸ்ட் என்று எழுத வேண்டும். விளம்பரங்கள் அடங்கிய வெளியீடுகளையும் வணிகத் தன்மையுள்ள அச்சடிப்புகளையும் இந்தச் சேவையில் ஏற்பதில்லை. அதனால் விளம்பரம் நிறைந்த பழைய வார இதழ்களைப் புத்தகக் கட்டோடு சேர்க்காதீர்கள். உள்ளே இருப்பது புத்தகம்தானா என்று கவுண்டரில் பார்க்கக் கேட்கலாம். ஒரு பக்கத்தை ஒட்டாமல் கொண்டுபோய், அங்கேயே டேப் போட்டுக்கொள்வது வசதி. தமிழ்நாட்டுக்குள் சீக்கிரம் சேர வேண்டும் என்றால் உள்ளூர் கூரியர்களில் விசாரிக்கலாம். ஐந்து கிலோவைத் தாண்டும் பெரிய சரக்குக்கு பார்சல் சர்வீஸ் கட்டுப்படியாகும், ஆனால் வாங்குபவர் கிடங்குக்குப் போய் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கலாம். அதைச் சொல்லி விற்பது முக்கியம்.

பணம் வந்துவிட்டது என்று வாங்குபவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிக் கட்டை ஒப்படைக்காதீர்கள், வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். “பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்” என்று யாராவது சொன்னால் அது மோசடி. யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

புத்தகம் சேர்ந்த பிறகு புகார் வந்தால், நீங்கள் போட்ட விளம்பரமும் படமும்தான் சாட்சி. விளம்பரத்தில் சொல்லாத குறை உண்மையாகவே இருந்தால், திருப்பி அனுப்பச் சொல்வதைவிட விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது இருவருக்கும் மலிவு. 60 ரூபாய்ப் புத்தகத்துக்கு இரண்டாவது முறை தபால் செலவு செய்வதில் யாருக்கும் லாபம் இல்லை.

முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் போட்டுவிடுங்கள். தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, தரம், எடை, கேட்ட விலை, விற்ற விலை, விற்க எத்தனை நாள் ஆயிற்று என்று எட்டுப் பத்தி. ஆங்கிலப் புத்தகம் என்றால் எண்ணைத் தட்டினால் உலகம் முழுக்க என்ன விலை என்று கொஞ்சமாவது தெரியும். பழைய தமிழ்ப் புத்தகத்துக்கு அப்படி ஒரு பட்டியலை யாரும் போட்டு வைக்கவில்லை. நூறு புத்தகம் விற்று முடிக்கும்போது, எந்த ஆசிரியர் எந்தத் தரத்தில் என்ன விலைக்குப் போகிறார், எது தனியே நிற்கும், எது கட்டோடுதான் நகரும் என்பது உங்கள் நோட்டில் இருக்கும். அடுத்த அலமாரிக்கு விலை போடும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை.